மூன்று கடன், ஒரே லட்சம்: இன்றைய மதிப்பையும் பயனுறு ஆண்டு வட்டியையும் வைத்து ஒப்பிடும் முறை

காட்பாடியில் மாலை நேரத்தில் வணிகவியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் தனிநபர் நிதிப் பாடத்தின் ஒப்படைப்பில் ஒரே வகைக் கேள்வி வரும்: ஒரே தொகைக்கு இரண்டு மூன்று இடங்களில் கடன் கிடைக்கிறது, திருப்பிச் செலுத்தும் முறை ஒன்றுக்கொன்று வேறு, எது மலிவு என்று காரணத்தோடு எழுத வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் கணக்கைச் சரியாகவே போடுகிறார்கள். ஆனால் கட்டணத்தையும் வட்டி மேல் வட்டியையும் சேர்த்த உண்மை விகிதமான பயனுறு ஆண்டு வட்டி ஒரு கடனை மலிவு என்றும், எதிர்காலத் தவணைகளை இன்றைய நாளுக்குக் கொண்டுவந்து கூட்டிய தொகையான இன்றைய மதிப்பு அதே கடனை விலை கூடியது என்றும் காட்டும்போது, எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று பயந்து இரண்டில் ஒன்றை அழித்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் சரியாக இருக்கலாம். அது எப்படி என்பதை ஒரு கணக்கை முழுவதும் போட்டுப் பார்த்தே புரிந்துகொள்ள முடியும் என்பதால், அதையே இங்கே செய்கிறேன்.

கணக்கு

குடியாத்தத்தில் கைலி வாங்கி விற்கும் ஒரு சிறு வியாபாரிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ₹1,00,000 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி வங்கி. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, மாதந்தோறும் குறையும் நிலுவைக்கு மட்டும் கணக்கிடப்படும். 24 மாதத் தவணை, தவணை ₹4,707. ஆனால் செயலாக்கக் கட்டணம் ₹1,000, அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி ₹180, ஆக ₹1,180 முதல் நாளே பிடித்துக்கொள்ளப்படும்.

இரண்டாம் வழி ஒரு நிதி நிறுவனம். ஆண்டுக்கு 7 விழுக்காடு பிளாட் வட்டி, கட்டணம் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு வட்டி ₹14,000. அசலோடு சேர்த்து ₹1,14,000. அதை 24 ஆல் வகுத்தால் மாதத் தவணை ₹4,750.

மூன்றாம் வழி வேலூரில் இருக்கும் தாய்மாமன். நம் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லும் ஒரு ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மாதம் ₹1,000 வட்டியை மட்டும் கட்டி வந்து, 24ஆம் மாதம் கடைசி வட்டியோடு அசல் ₹1,00,000ஐயும் ஒரே தடவையில் கொடுத்துவிட வேண்டும்.

கையை விட்டுப் போகும் மொத்தப் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், வங்கிக்குக் கட்டணத்தோடு ₹1,14,148, நிதி நிறுவனத்துக்கு ₹1,14,000, மாமாவுக்கு ₹1,24,000. விளம்பரத்தில் சொல்லும் விகிதத்தைப் பார்த்தால் நிதி நிறுவனத்தின் 7 விழுக்காடுதான் மிகக் குறைவு. இந்த இரண்டு ஒப்பீட்டையும் விடையின் தொடக்கத்தில் ஒரு பத்தியில் எழுதி, இவற்றை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கான காரணத்தையும் சொல்லிவிடுங்கள். மொத்தத் தொகை, இன்று கொடுக்கும் ஆயிரத்தையும் இரண்டு ஆண்டு கழித்துக் கொடுக்கும் ஆயிரத்தையும் ஒன்றாக நினைக்கிறது. பிளாட் விகிதமோ, அசலின் பெரும்பகுதி திரும்பிப் போன பிறகும் முழு லட்சத்துக்கே வட்டி வாங்குவதை மறைத்துவிடுகிறது.

முதல் படி: பணம் எந்த மாதம் எவ்வளவு

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் 0 முதல் 24 வரை மாதங்களை எழுதி, ஒவ்வொரு கடனுக்கும் அந்த மாதத்தில் வரும் பணத்தையும் போகும் பணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 0ஆம் மாதத்தில் நிதி நிறுவனத்திடமிருந்தும் மாமாவிடமிருந்தும் ₹1,00,000 வருகிறது. வங்கியிடமிருந்து கையில் வருவது ₹98,820 மட்டுமே. தவணை ஒரு லட்சத்துக்குக் கணக்கிடப்பட்டிருந்தாலும் அவர் பயன்படுத்தக் கிடைப்பது இவ்வளவுதான் என்பதால், பயனுறு விகிதத்தை இந்தத் தொகையிலிருந்தே தொடங்க வேண்டும். ஒப்படைப்புகளில் நான் காணும் பிழைகளில் மிக அதிகம் இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

இரண்டாம் படி: மாத விகிதத்தைக் கண்டுபிடித்தல்

ஒரு கடனின் உண்மையான மாத விகிதம் என்பது, எதிர்காலத் தவணைகளை எல்லாம் அந்த விகிதத்தில் கழித்து இன்றைய நாளுக்குக் கொண்டுவந்தால், கையில் வந்த தொகைக்குச் சரிசமமாக நிற்கச் செய்யும் விகிதம். சமமான தவணைகளாக இருந்தால் கையாலேயே தேடிவிடலாம். நிதி நிறுவனக் கடனை எடுத்துக்கொள்வோம். 1,00,000ஐ 4,750 ஆல் வகுத்தால் 21.0526 வருகிறது. மாதம் ஒரு ரூபாய் வீதம் 24 மாதம் கொடுப்பதன் இன்றைய மதிப்பு எந்த விகிதத்தில் 21.0526 ஆகிறது என்பதே இப்போது கேள்வி. மாதம் 1 விழுக்காட்டில் அந்த மதிப்பு 21.2434; 1.1 விழுக்காட்டில் 20.9926. நம் எண் இவற்றுக்கு இடையில் ஏறத்தாழ முக்கால் தூரத்தில் இருக்கிறது. எனவே விகிதம் மாதம் 1.076 விழுக்காடு.

கணினியில் விரிதாள் இருந்தால் இதையே ஒரு வரியில் பெறலாம். வங்கி, நிதி நிறுவனம், மாமா என்ற வரிசையில் மூன்று கடனுக்கும் எழுத வேண்டியது இது:

```
=RATE(24,-4707,98820)
=RATE(24,-4750,100000)
=RATE(24,-1000,100000,-100000)
```

வரும் பணத்துக்குக் கூட்டல் குறி, போகும் பணத்துக்குக் கழித்தல் குறி. எல்லாவற்றையும் ஒரே குறியோடு கொடுத்தால் `#NUM!` என்ற பிழைதான் கிடைக்கும். விடை மாத விகிதமாக வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். வங்கிக்கு 1.099, நிதி நிறுவனத்துக்கு 1.076, மாமாவுக்குச் சரியாக 1 விழுக்காடு வர வேண்டும். விரிதாள் அமைப்பு சில சமயம் இதை வெறும் 1% என்று சுருக்கிக் காட்டும். அப்போது மூன்று கடனும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால், தசம இடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஆண்டு விகிதமாக மாற்றுதல்

மாத விகிதத்தை 12 ஆல் பெருக்கினால் கிடைப்பது பெயரளவு ஆண்டு விகிதம். பயனுறு விகிதத்துக்கு வட்டி மேல் வட்டியையும் சேர்க்க வேண்டும். மாத விகிதம் i என்றால் சூத்திரம் இது:

```
(1+i)^12 - 1
```

மாமாவின் கடனுக்கு 1.01ஐப் பன்னிரண்டு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 12.68 விழுக்காடு. நிதி நிறுவனத்துக்கு 13.70. வங்கிக்கு 14.02. கட்டணம் இல்லாமலிருந்தால் வங்கியின் விகிதமும் 12.68 ஆகவே இருந்திருக்கும். ₹1,180 அதை 1.34 விழுக்காடு உயர்த்தியிருக்கிறது. கட்டணம் சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் கையில் இரண்டு ஆண்டும் தங்கும் கடன் பாதியை ஒட்டியே இருக்கிறது. அந்தப் பாதித் தொகையின் மேல்தான் கட்டணம் முழுவதும் ஏறுகிறது.

பிளாட் வட்டி என்றாலே ஏமாற்று என்று எழுதும் மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 7 விழுக்காடு என்பது உண்மையில் 13.70 என்பது மெய்தான். ஆயினும் இந்தக் கணக்கில் அது வங்கிக் கடனைவிடச் சற்று மலிவாகவே முடிகிறது. விகிதத்தின் பெயரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல் பணம் போகும் நாட்களைப் பார்த்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். உண்மையான கடன் ஒன்றை ஒப்படைப்புக்கு எடுத்துக்கொண்டால் உங்கள் விடையை அதோடு ஒத்துப் பாருங்கள். மாத விகிதத்தை 12 ஆல் பெருக்கி வந்த எண்ணோடு அறிக்கையின் எண் பொருந்துகிறதா, கூட்டுவட்டியாக ஏற்றி வந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று இரண்டையும் சோதித்து, எதனோடு பொருந்தியது என்பதையும் எழுதுங்கள்.

நான்காம் படி: இன்றைய மதிப்பு

பயனுறு ஆண்டு வட்டி கடனுக்குள்ளேயே இருக்கும் விகிதம்; அதற்குக் கடனாளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்றைய மதிப்புக்கு வெளியிலிருந்து ஒரு விகிதத்தைக் கொடுக்க வேண்டும். அதைக் கழிவு விகிதம் என்போம். இந்த வியாபாரியிடம் ஒரு ரூபாய் கூடுதலாகத் தங்கினால் அது மாதம் எவ்வளவு ஈட்டும் என்பதே அந்த விகிதம். தொடர் வைப்பில் மட்டுமே போடுவார் என்றால் மாதம் ஏறத்தாழ அரை விழுக்காடு என்று கொள்ளலாம். கடையில் சரக்காகப் போட்டுத் திருப்புவார் என்றால் ஒன்றரை விழுக்காடு என்று கொள்ளலாம். எதை எடுத்தாலும் ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுதாமல் விடாதீர்கள். மதிப்பெண் அந்த வரிக்குத்தான் கிடைக்கும்.

அரை விழுக்காட்டில் தொடங்குவோம். நிதி நிறுவனத்தின் முதல் தவணை ₹4,750ஐ 1.005 ஆல் ஒரு முறை வகுத்தால் இன்றைய மதிப்பு ₹4,726. கடைசித் தவணையை 24 முறை வகுத்தால் ₹4,214. இப்படி 24 தவணையையும் கூட்டினால் ₹1,07,174 வருகிறது. விரிதாளில் நிதி நிறுவனத்துக்கும் மாமாவுக்கும் உரிய வரிகள் இவை:

```
=PV(0.5%,24,-4750)
=PV(0.5%,24,-1000,-100000)
```

வங்கிக்குத் தவணைகளின் இன்றைய மதிப்பு ₹1,06,203. அதோடு இன்றே போகும் கட்டணம் ₹1,180ஐக் கழிக்காமல் அப்படியே கூட்டினால் ₹1,07,383. மாமாவின் கடனுக்கு ₹1,11,281. பயனுறு வட்டியில் மிக மலிவாக நின்ற மாமாவின் கடன், இங்கே நிதி நிறுவனக் கடனைவிட நான்காயிரம் ரூபாய்க்கும் மேல் விலை கூடியதாகிவிட்டது. மாணவர்கள் திகைத்து அழிக்கும் இடம் இதுதான்.

இப்போது அதே கணக்கை ஒன்றரை விழுக்காட்டில் போடுங்கள். வங்கி ₹95,463, நிதி நிறுவனம் ₹95,144, மாமா ₹89,985. இம்முறை மாமாவின் கடன் ஐயாயிரத்துக்கும் மேல் மலிவு.

வரிசை ஏன் மாறுகிறது

மூன்றும் ஒரு லட்ச ரூபாய்க் கடன் என்று சொன்னாலும் அவை ஒரே அளவுக் கடன்கள் அல்ல. வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் முதல் மாதத்திலிருந்தே அசல் திரும்பிப் போகிறது. மாமாவின் லட்சமோ கடைசி நாள் வரை வியாபாரியின் கையிலேயே இருக்கிறது. அதாவது அவர் மாமாவிடம் குறைந்த விகிதத்தில் அதிகப் பணத்தை அதிக நாள் வைத்திருக்கிறார். அந்தப் பணம் கையில் இருக்கும்போது கடன் விகிதத்தைவிட மிகக் குறைவாக ஈட்டினால், விகிதம் மலிவாக இருந்தும் மொத்தத்தில் அவருக்கு நட்டம் கூடும். அதிகமாக ஈட்டினால், நீண்ட நாள் வைத்திருப்பதே லாபம்.

இதை நேரடியாகச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. ஒப்படைப்பில் இதைச் செய்து காட்டினால் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். நிதி நிறுவனத்துக்கு மாதம் ₹4,750, மாமாவுக்கு மாதம் ₹1,000. மாமாவிடம் வாங்கினால் மாதம் ₹3,750 மிச்சம். அந்த மிச்சத்தை மாதாமாதம் அரை விழுக்காட்டில் சேர்த்து வந்தால் 24ஆம் மாத முடிவில் ₹95,370 சேரும். மாமாவுக்குக் கொடுக்க வேண்டியது ஒரு லட்சம், ₹4,630 குறைகிறது. அந்தக் குறையை 1.005 ஆல் 24 முறை வகுத்து இன்றைக்குக் கொண்டுவந்தால் ₹4,108. மேலே கிடைத்த ₹1,11,281க்கும் ₹1,07,174க்கும் உள்ள வித்தியாசத்தோடு இது ஒரு ரூபாய்க்குள் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு குறியையோ மாதத்தையோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

அந்த மிச்சம் சரியாக ஒரு லட்சமாக வளர என்ன விகிதம் வேண்டும் என்று தேடினால் மாதம் ஏறத்தாழ 0.90, ஆண்டுக்கு 11.4 விழுக்காடு கிடைக்கிறது. இந்த இரண்டு கடனுக்கும் இடையிலான திருப்புமுனை அதுவே. தம் பணத்தில் அதற்கு மேல் ஈட்டக்கூடியவருக்கு மாமாவின் கடன் நல்லது, அதற்குக் கீழே ஈட்டுபவருக்கு நிதி நிறுவனம் நல்லது. ஒரே விகிதத்தில் ஒரே விடையை எழுதி முடிப்பதைவிட, இந்தத் திருப்புமுனையைச் சொல்லி இரண்டு பக்கத்தையும் விளக்கும் விடையே என் கண்ணில் முழுமையானது. மாதாமாதம் ₹3,750ஐத் தவறாமல் எடுத்து வைக்க முடியுமா என்ற கேள்வியையும் அங்கேயே எழுப்புங்கள். தவணைக்கடன் அந்தச் சேமிப்பைக் கட்டாயமாக்குகிறது, ஒரு ரூபாய் வட்டி அதைக் கடனாளியின் கையில் விட்டுவிடுகிறது.

கழிவு விகிதத்தை எடுக்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை. நம் வங்கிகளின் வைப்பு வட்டி பொதுவாகக் காலாண்டுக்கு ஒரு முறை கூட்டப்படுகிறது. 6 விழுக்காட்டு வைப்பின் சரியான மாத விகிதம் 0.5 அல்ல, 0.4975. வித்தியாசம் சிறிது, ஆனால் வைப்பை அடிப்படையாகக் கொள்கிறேன் என்று எழுதியிருந்தால் அந்த மாற்றத்தைச் செய்து காட்டுவது நல்லது.

குறுகிய காலக் கடனில் பயனுறு விகிதத்தின் எல்லை

சில ஒப்படைப்புகளில் வாரத் தண்டலும் ஒரு வழியாக வருகிறது. வேலூர் நேதாஜி மார்க்கெட் போன்ற இடங்களில் தினமும் கொள்முதல் செய்பவர்களுக்கு இந்த முறை பழக்கமானது: ₹9,000 கையில் வாங்கி, வாரம் ₹1,000 வீதம் பத்து வாரம் கட்டுவது என்று ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வார விகிதம் 1.96 விழுக்காடு, 52 வாரத்துக்கு ஏற்றினால் பயனுறு ஆண்டு வட்டி ஏறத்தாழ 175 விழுக்காடு. எண் சரிதான். ஆனால் அது, கடன் ஆண்டு முழுவதும் அதே விகிதத்தில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகும் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு முறை பத்து வாரம் வாங்குபவருக்குச் செலவு ₹1,000தான். ஒருமுறை வாங்குகிறாரா, ஆண்டு முழுவதும் சுழற்றுகிறாரா என்று கேள்வியில் தேடி, அதற்கேற்ப விளக்கம் எழுதுங்கள்.

முன்கூட்டியே முடித்தால்

கடைசியாக, கேள்வியில் கேட்காவிட்டாலும் நான் மாணவர்களைப் போட்டுப் பார்க்கச் சொல்வது ஒன்று. வியாபாரி பன்னிரண்டாம் மாதமே கடனை அடைத்துவிட நினைத்தால் என்ன ஆகும்?

வங்கியில் அன்றைய நிலுவை ₹52,986. முன்கூட்டி முடிக்கக் கட்டணம் இல்லை என்று கொண்டால் அதைக் கட்டி முடிக்கலாம். தொடக்கக் கட்டணம் இரண்டு ஆண்டுக்குப் பதிலாக ஓர் ஆண்டின் மேல் விழுவதால் பயனுறு விகிதம் 14.0லிருந்து 14.5 ஆகிறது. மாமாவின் கடனில் எந்த மாதம் அசலைக் கொடுத்தாலும் விகிதம் 12.68 ஆகவே இருக்கும். பிளாட் வட்டிக் கடனில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். மீதமுள்ள வட்டியைத் தள்ளாமல் பன்னிரண்டு தவணையையும் சேர்த்து ₹57,000 கேட்கும் ஒப்பந்தமாக இருந்தால், 12ஆம் மாதத் தவணையோடு அதையும் கட்டியதாக வைத்துக் கணக்கிடுங்கள்:

```
=RATE(12,-4750,100000,-57000)
```

மாத விகிதம் 1.44 ஆக உயர்ந்து, பயனுறு ஆண்டு வட்டி 13.7லிருந்து 18.7க்குப் போய்விடுகிறது. வங்கியைவிட மலிவாக நின்ற கடன் மூன்றிலும் விலை கூடியதாகிறது. ஆகவே விடையை எழுதும்போது, எந்தக் கழிவு விகிதத்துக்கு, எத்தனை மாதம் வைத்திருப்பதற்கு இந்தத் தேர்வு பொருந்தும் என்பதையும் தேர்வு சொல்லும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.